இன்சிடெண்ட் ரிப்போர்ட்ட மேனேஜ்மெண்ட் படிச்சு முடிவெடுக்கற மாதிரி எப்படி மாத்தறது?

"அவுட்டேஜ் முடிஞ்சு ஒன்பது பக்கத்துக்கு போஸ்ட்மார்ட்டம் எழுதினேன். டெக்னிக்கல் இல்லாதவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு பக்கத்துல குடுன்னாங்க. டெக்னிக்கல் வார்த்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கிக் குடுத்தேன். 'படிச்சோம், புரிஞ்சுது, சரி இப்ப நாங்க என்ன பண்ணணும்?'னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க தப்பு பண்றேன்?"

அவங்க திருப்பிக் கேட்ட அந்தக் கேள்விலயே உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கு. நீங்க ஒன்பது பக்கத்த ஒரு பக்கமா சுருக்கியிருக்கீங்க, ஆனா அது இன்னும் இன்ஜினியருக்கான ரிப்போர்ட்தான், சின்னதா இருக்கு அவ்வளவுதான். இன்ஜினியர் ரிப்போர்ட் "என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு"ன்னு காலவரிசைல போகும், கடைசிலதான் "இனிமே என்ன செய்யணும்"னு வரும். மேனேஜ்மெண்ட்டுக்கு எழுதறப்ப அந்தக் கடைசிப் பகுதிலேருந்து பின்னாடி வரணும், அதுலயும் அவங்களால மட்டுமே முடியற விஷயம் எதுவோ அதுலேருந்து.

நான் பல வருஷமா இன்ஜினியருக்கான ரிப்போர்ட், மேனேஜ்மெண்ட்டுக்கான ரிப்போர்ட் ரெண்டும் எழுதறவன், மத்தவங்க எழுதினதையும் திருத்தறவன். நான் எப்பவும் முதல்ல பண்றது இதுதான்: டெக்னிக்கல் ரிப்போர்ட்டோட ஆக்‌ஷன் ஐட்டம் லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கேள்வி கேப்பேன், "இத எங்க டீமே, யார்கிட்டயும் கேக்காம, இருக்கற நேரத்துலயே முடிச்சிட முடியுமா?". முடியும்னா அது மேனேஜ்மெண்ட் பக்கத்துக்குத் தேவையில்ல, "சின்னச் சின்ன திருத்தங்கள் நடந்துட்டிருக்கு"ன்னு ஒரு வரி போதும். முடியாதுன்னா, அதாவது பணம் வேணும், ஆள் வேணும், வேற வேலைய தள்ளிவெக்கணும், கஸ்டமருக்கு ஒரு வாக்கு குடுக்கணும், இல்ல ஒரு ரிஸ்க்க தெரிஞ்சே ஏத்துக்கணும், இப்படி ஏதாவது ஒண்ணுன்னா அதுதான் உங்க பக்கத்தோட தலைப்பு. பெரும்பாலும் இப்படி ரெண்டு மூணுக்கு மேல மிஞ்சாது.

சும்மா சொன்னா பிடிபடாது, அதனால எல்லாரும் தேடிப் படிக்கக்கூடிய ஒரு நிஜக் கேஸ எடுத்துப் பாக்கலாம். 2017 ஜனவரி 31ல கிட்லேப்ல நடந்த டேட்டாபேஸ் விபத்து. அவங்களே ரொம்ப நேர்மையா, எதையும் மறைக்காம முழு போஸ்ட்மார்ட்டத்தையும் வெளிய போட்டாங்க, இந்தத் துறைல படிக்க வேண்டிய நல்ல ரிப்போர்ட்கள்ல அது ஒண்ணு. சுருக்கமா கதை இதுதான். மெயின் டேட்டாபேஸ் சர்வர் ஒண்ணு, அதோட நகலா இன்னொண்ணு. அன்னிக்கு லோடு ஏறினதுல நகல் சர்வர் பின்தங்கிப் போச்சு, அத முதல்லேருந்து மறுபடி காப்பி பண்ண வேண்டிய நிலம. அதுக்காக நகல் சர்வர்ல இருந்த டேட்டா ஃபோல்டர ஏற்கனவே காலி பண்ணியாச்சு. காப்பி பண்ற கமாண்ட் சரியா நகராம நிக்குது, மறுபடி அந்த ஃபோல்டர காலி பண்ணிட்டு ட்ரை பண்ணலாம்னு ராத்திரி நேரத்துல ஒரு இன்ஜினியர் அழிக்கற கமாண்ட் குடுக்கறார், ஆனா அவர் உக்காந்திருந்தது `db2`ல இல்ல, `db1`ல, அதாவது மெயின் சர்வர்ல. ஒண்ணு ரெண்டு செகண்ட்ல கவனிச்சு நிறுத்தறார், அதுக்குள்ள சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம்.

அப்புறம் பேக்அப்ப தேடறாங்க. தினமும் `pg_dump` மூலமா எடுத்து வெளி ஸ்டோரேஜ்ல போடற பேக்அப் இருக்கணும், போய்ப் பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 வெர்ஷன், பேக்அப் எடுக்க ஓடினது 9.2 வெர்ஷன் `pg_dump`. டேட்டாபேஸ விட `pg_dump` இப்படி பழைய வெர்ஷனா இருந்தா அது பேக்அப் எடுக்காம இந்த வரிய சொல்லிட்டு வெளிய வந்துடும்:

```
pg_dump: aborting because of server version mismatch
```

ஃபெயில் ஆனா மெயில் வர்ற மாதிரி செட் பண்ணிருந்தாங்க, ஆனா அந்த மெயில்கள்ல சரியான டிஜிட்டல் கையெழுத்து இல்லாம போனதால மெயில் சர்வரே அதத் திருப்பிடுச்சு, யார் கண்ணுலயும் படல. கிளவுட் டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு ஆன் பண்ணியே இல்ல. கடைசில கை குடுத்தது, விபத்துக்கு சுமார் ஆறு மணி நேரம் முன்னாடி ஒரு இன்ஜினியர் வேற ஏதோ டெஸ்ட்டிங்குக்காக கையால எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட். அது இருந்த ஸ்டேஜிங் மெஷினோட டிஸ்க் மெதுவானது, காப்பி பண்ணவே மணிக்கணக்காச்சு, சைட் மறுபடி எழுந்து வர சுமார் 18 மணி நேரம். ஆறு மணி நேர டேட்டா நிரந்தரமா போச்சு, அவங்க கணக்குப்படி குறைஞ்சது 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமெண்ட், சுமார் 700 புது யூசர் அக்கவுண்ட். கோட் ரெப்போசிட்டரிகளுக்கு ஒண்ணும் ஆகல.

இத ஒரு இன்ஜினியர் சுருக்கினா எப்படி வரும்? "ஒரு ஊழியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார், பேக்அப்பில் வெர்ஷன் பிரச்சனை இருந்தது, 18 மணி நேரத்தில் மீட்டோம், இனி நடக்காமல் பார்த்துக்கொள்வோம்." ஒரு வார்த்த கூட புரியாத வார்த்த இல்ல, எல்லாம் உண்மை, ஆனா இத வெச்சு ஒருத்தரால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னும் மோசம், ஏதாவது பண்ணியே ஆகணும்னு நினைக்கற மேனேஜர் இதப் படிச்சா அவருக்குக் கெடைக்கற ஒரே கைப்பிடி "ஒரு ஊழியர் அழித்துவிட்டார்"ங்கறதுதான். உடனே "அவர ட்ரெய்னிங்குக்கு அனுப்புங்க, அந்த ஆக்சஸ் யாருக்கும் குடுக்காதீங்க, எல்லாத்துக்கும் ரெண்டு பேர் அப்ரூவல் வேணும்"னு உத்தரவு வரும். அவர் மேல தப்பே இல்ல. நீங்க குடுத்த பக்கத்துல அவரால தொடக்கூடிய விஷயம் அது ஒண்ணுதான் இருந்துச்சு.

இப்ப அதே ரிப்போர்ட்டுக்குள்ள வேற ஒரு இடத்தப் பாருங்க. ஏன் ஏன்னு அடுக்கி அடுக்கிக் கேட்டுக்கிட்டே போற பகுதில கடைசில ஒரு கேள்வி, பேக்அப்ப ஏன் யாரும் ரெகுலரா டெஸ்ட் பண்ணலன்னு. அதுக்கு அவங்க எழுதின பதில், அதுக்குன்னு ஒரு பொறுப்பாளர் இல்ல, அதனால அது யாரோட வேலையாவும் இல்லாம போச்சுங்கறதுதான். என்னைக் கேட்டா மேனேஜ்மெண்ட்டுக்கு வேண்டிய வரி அதுதான், அது அத்தன நீள ரிப்போர்ட்டோட அடியில கெடக்கு. ஆக்‌ஷன் லிஸ்ட்லயும் அதே கததான், ஆரம்பத்துல வர்றது டெர்மினல்ல எந்த சர்வர்ல இருக்கோம்னு பளிச்சுன்னு தெரியற மாதிரி ப்ராம்ப்ட்ட மாத்தறது, டேட்டாவ பத்திரமா வெச்சுக்கறதுக்கு ஒரு பொறுப்பாளர நியமிக்கறது கடைசில. இன்ஜினியர்களுக்கு அந்த வரிசை சரிதான், ப்ராம்ப்ட் மாத்தறத அன்னிக்கு சாயங்காலமே முடிச்சிடலாம். ஆனா ப்ராம்ப்ட் கலர் மாத்தறதுக்கு எந்த டைரக்டரும் கையெழுத்து போட வேண்டியதில்ல, ஒரு ஆள இன்னொரு வேலைலேருந்து எடுத்து இதுல போடறதுக்குத்தான் அவர் வேணும். அந்த லிஸ்ட்ட தலகீழா திருப்பினாலே பாதி வேல முடிஞ்சுது.

அடுத்தது, இது பலரும் விடற இடம். நடந்தது ஒண்ணு, நடந்திருக்கக்கூடியது இன்னொண்ணு, ரெண்டையும் தனித்தனியா சொல்லணும். ஆறு மணி நேர டேட்டாதான் போச்சுங்கறது அந்த ஸ்னாப்ஷாட்ட யாரோ தற்செயலா எடுத்து வெச்சதால. ஆன் பண்ணாத அந்த கிளவுட் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வேற, கையால எடுத்த மாதிரி ஸ்னாப்ஷாட் தானா ஓடறதும் உண்டு, ஆனா அது 24 மணி நேரத்துக்கு ஒரு தரம்தான், அதனால அந்தக் கையால எடுத்தது இல்லேன்னா இழப்பு ஒரு நாள் அளவுக்குக் கூட போயிருக்கலாம். இதப் படிக்கறவர் ஆறு மணி நேரங்கற நம்பர வெச்சு "சரி, மோசம்தான், ஆனா தாங்கிக்கலாம்"னு முடிவு பண்ணினா அவர் அதிர்ஷ்டத்த பட்ஜெட்ல சேத்துட்டார்னு அர்த்தம். அவர் முடிவெடுக்க வேண்டியது 24 மணி நேரங்கற நம்பர வெச்சு. டெக்னிக்கல் ரிப்போர்ட்ல இந்த ரெண்டாவது நம்பர் பெரும்பாலும் தனியா எழுதப்பட்டிருக்காது, ஏன்னா இன்ஜினியர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். உங்க ரிப்போர்ட்டிலயும் "நல்ல வேளையா", "தற்செயலா", "அந்த நேரத்துல ட்ராஃபிக் கம்மியா இருந்ததால" மாதிரி வார்த்தை எங்கெல்லாம் வருதுன்னு தேடுங்க, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் இப்படி ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கும்.

சரி, கிட்லேப் கேஸுக்கு நான் எழுதினா எப்படி எழுதுவேன்னு கீழ போடறேன். இது அவங்க எழுதினது இல்ல, வெளிய வந்த தகவல வெச்சு நான் எழுதிப் பாக்கறது, விபத்து முடிஞ்ச கையோட எழுதற மாதிரி. கோடு போட்ட இடம் அந்தந்த டீம் நிரப்ப வேண்டிய கணக்கு.

"உங்களிடம் கேட்பது இரண்டு முடிவுகள், வரும் வெள்ளிக்கிழமைக்குள். ஒன்று, டேட்டா மீட்புக்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமிப்பது. இரண்டு, விபத்து நடந்தால் அதிகபட்சம் எவ்வளவு நேர டேட்டாவை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்று தீர்மானிப்பது.

ஜனவரி 31 இரவு தொடங்கி சுமார் 18 மணி நேரம் சேவை நின்றது. அதற்கு முந்தைய சுமார் 6 மணி நேரத்தில் கஸ்டமர்கள் பதிந்தவை திரும்ப வராது: குறைந்தது 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமெண்ட், சுமார் 700 புதிய கணக்குகள். கோட் ரெப்போசிட்டரிகள் பத்திரமாக உள்ளன. சேவை இப்போது இயங்குகிறது.

பராமரிப்பு வேலையின்போது மெயின் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. இது மாதிரி தவறு எங்கும் நடக்கக்கூடியது, அதற்காகத்தான் பேக்அப். ஆனால் எங்கள் தினசரி பேக்அப் வேலை செய்யாமல் இருந்தது, அதை எச்சரிக்க வேண்டிய மெயிலும் வந்து சேரவில்லை, பேக்அப்பிலிருந்து மீட்டுப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. வேறு காரணத்துக்காக அன்று எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அது இல்லாமல் இருந்திருந்தால் இழப்பு ஒரு நாள் வரை போயிருக்கலாம். இன்னொரு முறை நடந்தால் அந்த ஒரு நாள் இழப்பையே எதிர்பார்க்க வேண்டும்.

தேர்வுகள்: இப்போது உள்ளபடி விட்டால் ஒரு நாள் வரை இழக்கலாம், கூடுதல் செலவு இல்லை. மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் என்றால் ஒரு மணி நேரம் வரை இழக்கலாம், ___ வாரம் வேலை. மாற்றங்களைத் தொடர்ந்து வெளியே பதிவது என்றால் சில நிமிடங்கள் வரை, ___ வாரம் வேலை, மாதம் ___ செலவு, அதனால் ___ ப்ராஜெக்ட் ___ வரை தள்ளிப்போகும். நாங்கள் பரிந்துரைப்பது உடனே இரண்டாவது, அடுத்த காலாண்டில் மூன்றாவது. எதைத் தேர்ந்தாலும் மாதம் ஒரு முறை பேக்அப்பிலிருந்து உண்மையாக மீட்டுப் பார்த்து முடிவை உங்களுக்கு அனுப்புவோம்."

அவ்வளவுதான், `pg_dump` இல்ல, வெர்ஷன் இல்ல, சர்வர் பேர் இல்ல. ஆனா கவனிங்க, டெக்னிக்கல் விஷயம் எதுவும் பொய்யா சுருங்கல. வெர்ஷன் பொருந்தாத கத "தினசரி பேக்அப் வேலை செய்யாமல் இருந்தது"ன்னு ஆகிடுச்சு, ஏன்னா முடிவெடுக்கறவருக்கு அது ஏன் வேல செய்யலங்கறத விட, அது வேல செய்யாதது யாருக்கும் தெரியாம இருந்ததுதான் முக்கியம். வெர்ஷன சரி பண்றது அரை நாள் வேல. அடுத்த தடவ வேற காரணத்துல பேக்அப் நிக்கும், அப்ப தெரியவருமாங்கறதுதான் அவர் காசு குடுத்துத் தீர்க்க வேண்டிய கேள்வி.

"ஒன்றும் செய்யாமல் விட்டால்"ங்கற தேர்வ கண்டிப்பா எழுதுங்க. இன்ஜினியர்களுக்கு இது பிடிக்காது, அதுக்கு இடமே குடுக்கக் கூடாதுன்னு தோணும். ஆனா நீங்க எழுதலேன்னாலும் அந்தத் தேர்வு அங்க இருக்கு, பெரும்பாலும் அதுதான் நடக்கும், மீட்டிங்ல "பாக்கலாம்"னு சொல்லி எழுந்து போறது அதேதான். எழுதி வெச்சா "பாக்கலாம்"ங்கறதுக்கு ஒரு வில வந்துடுது, அவர் ஒரு நாள் இழப்ப ஏத்துக்கிட்டார்னு அர்த்தமாகும். சில சமயம் ஏத்துக்கறது சரியான முடிவாவே இருக்கும், உள்ளுக்குள்ள மட்டும் பயன்படற ஒரு சிஸ்டத்துக்கு ஒரு நாள் போனா பரவாயில்லன்னு அவர் நினைச்சா அது அவர் உரிமை. அது தெரிஞ்சே எடுத்த முடிவா இருக்கணும், அவ்வளவுதான் நம்ம பொறுப்பு.

செலவ சொல்றப்ப பணத்தோட நிறுத்தாதீங்க, எது தள்ளிப்போகும்னு பேர் சொல்லி எழுதுங்க. "மூணு வாரம் வேல"ன்னா அவங்களுக்கு அது காத்து மாதிரி, ஆமாம்னு தல ஆட்டிடுவாங்க, அப்புறம் பழைய டெட்லைனும் அப்படியே நிக்கும். "மூணு வாரம், அதனால இந்த ரிலீஸ் இந்தத் தேதிலேருந்து இந்தத் தேதிக்குப் போகும்"னு எழுதினா அங்கயே பேச்சு ஆரம்பிக்கும், அந்தப் பேச்சுதான் நமக்கு வேணும்.

இனி கொஞ்சம் கவலையான பகுதி, எது உறுதி எது சந்தேகம்ங்கறது. சுருக்கறப்ப முதல்ல தொலையறது இதுதான். "குறைஞ்சது 5,000"ங்கறது "5,000" ஆகும், "சுமார்" காணாம போகும், "இந்தக் காரணமா இருக்கலாம்னு நினைக்கறோம்"ங்கறது "இந்தக் காரணம்" ஆகும். கிட்லேப் ரிப்போர்ட்ல அந்த "குறைஞ்சது" சும்மா போட்டது இல்ல, தொலைஞ்சு போன டேட்டாபேஸ்ல என்ன இருந்துச்சுன்னு முழுசா எண்ணவே வழியில்லாதப்ப அதுக்கு மேல உறுதியா சொல்ல முடியாது. அத எடுத்துட்டு எழுதி, அப்புறம் எண்ணிக்கை கூடினா, படிச்சவர் முன்னாடி சொன்ன எல்லாத்தையும் சந்தேகப்படுவார். நான் பண்றது, மேனேஜ்மெண்ட் பக்கத்த முடிச்சதும் டெக்னிக்கல் ரிப்போர்ட்ட பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு காரணத்துக்கும் முன்னாடி அங்க இருந்த தயக்க வார்த்தை இங்கயும் இருக்கான்னு மட்டும் ஒரு ரவுண்டு பாப்பேன்.

உறுதிங்கற விஷயத்துல சறுக்கினா என்ன ஆகும்ங்கறதுக்கு 2003ல கொலம்பியா விண்கலம் பத்தின விசாரணைல ஒரு ஸ்லைடு வருது. ஏவினப்ப டேங்க்லேருந்து பிஞ்ச நுரைத் துண்டு ஒண்ணு இறக்கைல மோதிச்சு, அது ஆபத்தான்னு கணக்குப் போட்ட இன்ஜினியர்கள் மேலிடத்துக்கு ஸ்லைடு காமிச்சாங்க. அந்த ஸ்லைடோட தலைப்பு, டெஸ்ட் டேட்டாவ பாத்தா நம்ம கணிப்பு பாதுகாப்பான பக்கமாவே இருக்குன்னு சொல்ற மாதிரி. ஆனா அதே ஸ்லைடோட அடில, சின்ன எழுத்துல, டெஸ்ட்ல பயன்படுத்தின துண்டு 3 கன அங்குலம், நிஜத்துல 1,920 கன அங்குலம்னு இருக்கு. அதாவது டெஸ்ட்ட விட 640 மடங்கு பெருசு, அந்த டெஸ்ட்ட வெச்சு எதையும் உறுதியா சொல்லவே முடியாது. தகவல் ஸ்லைடுலயே இருந்துச்சு, யாரும் மறைக்கல, ஆனா இது உயிருக்கு ஆபத்தான நிலமன்னு மேலதிகாரிக்குத் தோணாம போறது சுலபம்னு விசாரணைக் குழுவே எழுதுச்சு. பிப்ரவரி 1ல கலம் திரும்பி வர்றப்ப உடைஞ்சு ஏழு பேர் இறந்தாங்க. அந்த ஒரு ஸ்லைடாலதான் இப்படி ஆச்சுன்னு நான் சொல்லல, காரணங்கள் பல. ஆனா உங்க பக்கத்துல "எங்களுக்கு இது தெரியாது, டெஸ்ட் பண்ணினதே வேற"ன்னு ஒரு விஷயம் இருந்தா அது அடிக்குறிப்புல போகக் கூடாது, மேல வரணும், முழு வாக்கியமா வரணும்.

ஆள் பேர பத்தி ஒரு வார்த்த. பேர் போடாதீங்க, "மனிதத் தவறு"ன்னும் எழுதாதீங்க. பேர் போடாததுக்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்ல, அது தப்பான முடிவுக்குக் கொண்டுபோகும். அந்த இடத்துல இன்னொருத்தர உக்கார வெச்சாலும் இதே நடந்திருக்குமான்னு கேளுங்க, ஆமாம்னா ஆள எழுதாம நிலமைய எழுதுங்க: ரெண்டு சர்வரும் ஸ்க்ரீன்ல ஒரே மாதிரி தெரிஞ்சுது, அழிக்கறதுக்கு முன்னாடி எந்தத் தடுப்பும் இல்ல. வேணும்னே பண்ணினாங்கன்னு சந்தேகம் இருந்தா அது வேற பாதை, அத இந்த ரிப்போர்ட்டுக்குள்ள கொண்டுவரவே கூடாது.

இன்னொரு பழக்கம், சேவை எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு சதவீதத்துல சொல்றது. "இந்த மாசம் 97.6 சதவீதம்"னா கேக்க நல்ல மார்க் மாதிரி இருக்கு. மாசத்துக்கு 720 மணி நேரம்னு வெச்சா அது 17 மணி நேரத்துக்கு மேல சேவை நின்னதுக்கு சமம். மணிக்கணக்கிலயே சொல்லுங்க, அந்த நேரத்துல கஸ்டமரால எதெல்லாம் பண்ண முடியல, எதெல்லாம் பண்ண முடிஞ்சுதுன்னு சொல்லுங்க. பண நஷ்டத்த மட்டும் நீங்களா கணக்குப் போட்டு எழுதிடாதீங்க, ஃபைனான்ஸ்காரங்க கிட்ட வாங்கிப் போடுங்க, இல்ல "ஃபைனான்ஸ் கணக்கு பார்க்கிறார்கள், இந்தத் தேதிக்குள் வரும்"னு விட்டுடுங்க. நீங்க போடற நம்பர் தப்பா இருந்தா மீட்டிங் முழுக்க அந்த நம்பரப் பத்தியே போகும், கேட்ட முடிவு கெடைக்காது.

நடுவுல இருக்கற மேனேஜர் கையில போயிட்டு வர்றப்ப என்ன ஆகுதுன்னும் பாருங்க. அவர் நல்ல எண்ணத்துலதான் மெதுவாக்குவார், "பேக்அப் வேலை செய்யவில்லை"ங்கறது "பேக்அப்பில் மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ளது"ன்னு வந்து நிக்கும். அப்படி வந்தா சண்ட போட வேண்டாம், "இந்த வாக்கியத்த மட்டும் வெச்சு ஒருத்தர் ஆள் ஒதுக்குவாரா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, பெரும்பாலானவங்க புரிஞ்சு பழைய வரிய திருப்பி வெச்சுடுவாங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சோதன பண்ணுங்க, இத விட்டுடாதீங்க. இந்த விபத்தப் பத்தி ஒண்ணும் தெரியாத, ஃபைனான்ஸ்லயோ ஹெச்ஆர்லயோ இருக்கற ஒருத்தர் கிட்ட பக்கத்த குடுத்து ரெண்டு நிமிஷம் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் பேப்பர வாங்கிக்கிட்டு, உங்ககிட்ட என்ன கேக்கறாங்க, எப்பக்குள்ள, குடுக்கலேன்னா என்ன ஆகும்னு மூணையும் அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க, உங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. மூணுல ஒண்ணு வரலேன்னா அவர் மேல குறை இல்ல, அது உங்க பக்கத்துல ரெண்டாவது பத்தில எங்கயோ புதைஞ்சிருக்கு, மேல எடுத்துட்டு வாங்க.

இந்த முறை எல்லா இடத்துக்கும் செல்லாது. கஸ்டமரோட தனிப்பட்ட தகவல் வெளிய போயிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா நீங்க ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடியே லீகல் டீம்கிட்ட போங்க, அங்க யாருக்கு எப்ப என்ன எழுதணும்ங்கறத சட்டம் தீர்மானிக்கும், நான் சொல்ற எதுவும் அதுக்கு மேல இல்ல. அதே மாதிரி காரணம் இன்னும் பிடிபடாத நிலமைல காரணத்த பத்தி எழுத முயற்சி பண்ணாதீங்க. என்ன நின்னுச்சு, இப்ப ஓடுதா, மறுபடி நடக்கறதுக்கு என்ன தடுப்பு போட்டிருக்கோம், அடுத்த தகவல் எந்தத் தேதி, இந்த நாலு மட்டும் அனுப்பிட்டு, முடிவு கேக்கற பக்கத்த காரணம் தெரிஞ்சப்புறம் தனியா அனுப்புங்க. ரெண்டையும் கலந்தா ஒரு ஊகத்துக்கு பட்ஜெட் ஒதுக்கிடுவாங்க, அப்புறம் ஊகம் மாறினாலும் பட்ஜெட் மாறாது.

கடைசியா, மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கே அவங்க எடுத்த முடிவ, எந்தத் தேர்வு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்ளன்னு, உங்க ஒன்பது பக்க டெக்னிக்கல் ரிப்போர்ட்டோட ஆரம்பத்துலயே சேத்து வெச்சுடுங்க, "ஒன்றும் செய்ய வேண்டாம்"னு முடிவெடுத்திருந்தா அதையும்தான். ரெண்டு வருஷம் கழிச்சு இதே மாதிரி ஒண்ணு நடக்கறப்ப அப்ப இருக்கற டீம் முதல்ல தேடி எடுக்கப் போறது உங்க டெக்னிக்கல் ரிப்போர்ட்டதான், மேனேஜ்மெண்ட்டுக்குப் போன அந்த ஒரு பக்கம் அன்னிக்கு யாரோட மெயில்ல இருக்குமோ தெரியாது.